விசிட்டிங் கார்டின் பின்பக்கம்

2025 ஜனவரி 14. கரூரில் வாசல்தோறும் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஊரின் ஏற்றுமதியாளர்கள் பலர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், கோட்டும் ஷூவுமாக, ஸ்டாலில் தொங்கும் துணி ஹேங்கர்களை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் ஹைம்டெக்ஸ்டில் தொடங்கியது. 1971-இல் ஆரம்பித்த இந்தச் சந்தை வீட்டு உபயோகத் துணிகளுக்கென்றே நடப்பது. பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். கிச்சன் டவல், மேஜை விரிப்பு, ஏப்ரன், படுக்கை விரிப்பு, திரைச்சீலை என்று கரூர் எதையெல்லாம் நெய்து, தைத்து அனுப்புகிறதோ, அதையெல்லாம் வாங்குகிறவர்கள் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும் நான்கு நாட்கள் அவை. அதனால் பொங்கலோடு மோதினாலும் போகாமல் இருக்க முடியாது.

நான்கு நாள் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது கையில் இருப்பது ஒரு கட்டு விசிட்டிங் கார்டுதான். ஸ்டால் வாடகை, விமானம், தங்குமிடம், முந்தைய மூன்று நான்கு மாதம் சாம்பிள் செக்‌ஷன் இரவு பகலாக நெய்து குவித்த புதுத் துணிகள் எல்லாம் அந்தக் கட்டாகச் சுருங்கிவிட்டிருக்கும். அதில் எத்தனை கார்டு ஆர்டராக மாறும் என்பதை அடுத்த மூன்று வாரங்கள் சொல்லிவிடும். அந்த மூன்று வாரத்தில் என்ன எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

பெரும்பாலான நிறுவனங்கள் எழுதும் கடிதம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். ‘எங்கள் ஸ்டாலுக்கு வருகை தந்ததற்கு நன்றி. நாங்கள் இத்தனை ஆண்டுகளாக ஏற்றுமதி செய்துவருகிறோம். எங்களிடம் இத்தனை தறி, இத்தனை தையல் இயந்திரம். கேட்லாக் இணைத்துள்ளோம். தங்கள் மேலான என்கொயரியை எதிர்பார்க்கிறோம்.’ பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கும் இதுவே போகும்.

இதைப் பெறுகிற பையரின் நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் ஒரு நாளில் இருபது, முப்பது ஸ்டால் ஏறி இறங்கியிருப்பார். இந்தியா, பாகிஸ்தான், துருக்கி, போர்ச்சுகல், சீனா என்று எல்லோரிடமும் கட்டம் போட்ட டவலைப் பார்த்திருப்பார். திங்கட்கிழமை அலுவலகம் வந்து கணினியைத் திறந்தால் ஒரே மாதிரி நன்றிக் கடிதங்கள் வரிசையாக நிற்கும். கரூர் ஸ்டால் எது, அதில் யாரிடம் பேசினோம், எந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தோம் என்பது அவருக்கே மறந்திருக்கும். அவர் அலட்சியக்காரர் அல்ல. அத்தனை ஸ்டாலையும் நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆகவே அவரை மறுபடி அந்த ஸ்டாலுக்கு முன்னால், அந்த ஹேங்கருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கடிதத்தின் முதல் வேலை. நன்றியோ நிறுவன வரலாறோ அதைச் செய்யாது. அவரே சொன்ன ஒரு சொல், அவரே விரல் வைத்துக் காட்டிய ஒரு கட்டம், அதுதான் செய்யும்.

இந்தக் கடிதத்தில் பாதி ஸ்டாலிலேயே எழுதப்பட்டுவிட வேண்டும். பையர் விடைபெற்றுக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்கு நடக்கும் அந்த இரண்டு நிமிடம் மிக முக்கியமானது. அதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். அவரோடு பேசி முடித்தால் முன்னவர் சொன்னது பாதி கலைந்திருக்கும். மாலை ஆறு மணிக்கு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இருபது கார்டைப் பரப்பி வைத்து, யார் என்ன கேட்டார்கள் என்று நினைவைத் துழாவுகிறவர்கள் கட்டாயம் இரண்டு பேரை மாற்றிப் போட்டுவிடுவார்கள். அப்படி மாறிப்போன கடிதம், எழுதாமலே விட்டதைவிட மோசம். நீல டவல் கேட்டவரிடம் ‘நீங்கள் விரும்பிய சிவப்பு ஏப்ரன்’ என்று எழுதினால், இவர்கள் நாம் பேசியதைக் கேட்கவே இல்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

ஆகவே அனுபவம் உள்ளவர்கள் என்கொயரி ஷீட் ஒன்றை அச்சடித்துக் கட்டாகக் கொண்டுபோகிறார்கள். கார்டை அதன் மூலையில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டு, பையர் எடுத்துப் பார்த்த ஹேங்கரின் எண், அவர் அதில் மாற்றச் சொன்னது, எத்தனை பீஸ், ஸ்டாலில் நாம் வாய்மொழியாகச் சொன்ன விலை, அவர்களுக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதை எழுதுகிறார்கள். ஷீட் இல்லையென்றால் கார்டின் பின்பக்கமே போதும். கூடவே ஒரு சிறு பழக்கம்: அந்த ஹேங்கரின் மேல் பையரின் கார்டை வைத்து செல்போனில் ஒரு படம். துணி, எண், பெயர் மூன்றும் ஒரே படத்தில் வந்துவிடும். கையெழுத்து புரியாமல் போனாலும் படம் பேசும்.

சொன்ன விலையைக் குறித்துக்கொள்வதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்டாலில் முதலாளி ஒரு விலையைச் சொல்லியிருப்பார். கரூரில் உட்கார்ந்திருக்கும் மெர்ச்சன்டைசர், பத்து நாள் கழித்து, நூல் விலையைப் பார்த்து வேறொரு விலையை அனுப்பியிருப்பார். இரண்டும் நியாயமான விலையாகவே இருக்கலாம். ஆனால் பையரின் நோட்டில் முதல் விலைதான் இருக்கும். இரண்டாவதைப் பார்த்ததும், ஏன் மாறியது என்று கேட்கக்கூட மாட்டார், மௌனமாகிவிடுவார். விலை மாறியே ஆகவேண்டும் என்றால், ‘ஸ்டாலில் இன்ன விலை சொன்னோம், அது சாதா மடிப்புத் தையலுக்கு, நீங்கள் கேட்ட நாடா வளையத்தோடு இவ்வளவு’ என்று பழைய விலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். சந்தையின் இரண்டாம் நாள், ஜனவரி 15, பிற்பகல். நெதர்லாந்தில் சமையலறைப் பொருட்கள் விற்கும் ஒரு கடைத்தொடரின் உதவி பையர் கரூர் ஸ்டாலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீலமும் வெள்ளையுமான கட்டம் போட்ட ஒரு கிச்சன் டவலில் அவர் கை நிற்கிறது. ஐரோப்பாவில் வழக்கமான 50-க்கு 70 சென்டிமீட்டர் அளவு. சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை. துணியின் கனம் பிடித்திருக்கிறது, கட்டம்தான் பெரிதாக இருக்கிறது என்கிறார். இப்போது வாங்கும் டவல் துவைத்ததும் சுருங்கி ஓரம் கோணிக்கொள்கிறது, வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள் என்றும் போகிற போக்கில் சொல்கிறார். நிறத்துக்கு 3,000 பீஸ். பிப்ரவரி 11-ஆம் தேதி அவர்கள் நிறுவனத்தில் அடுத்த சீசனுக்கான துணிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். பேச்சு ஏழெட்டு நிமிடம்தான்.

ஷீட்டில் இவை ஏறிவிட்டன. இனி, எழுதுவதற்கு முன் கரூரில் செய்யவேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. 50-க்கு 70 என்றால் 0.35 சதுர மீட்டர். 220 கிராமால் பெருக்கினால் ஒரு டவல் 77 கிராம். 3,000 டவலுக்கு 231 கிலோ. மடித்துத் தைக்க விடும் ஓரத்தையும் கழிவையும் சேர்த்தால் 270 கிலோவை நெருங்கும். அதில் பத்துக்கு நான்கு பங்கு நீல நூல் என்றால், சாயமேற்ற வேண்டியது ஏறத்தாழ 110 கிலோ. தங்களுக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறை அந்த அளவை ஒரே தவணையில் எடுக்குமா, குறைந்தபட்சம் எவ்வளவு கேட்கும் என்று ஒரு போன் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ‘3,000 பீஸ் தாராளமாகச் செய்யலாம்’ என்று எழுதிவிட்டு, ஆர்டர் வரும் வேளையில் 5,000 இல்லாமல் முடியாது என்று பின்வாங்கினால், முதல் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது காலம். அந்த ஆண்டு சந்தை 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடிந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன நெசவாளர்களும் டைலர்களும் எல்லோரும் 20-ஆம் தேதி திங்கட்கிழமையே திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ‘மூன்று நாளில் சாம்பிள் அனுப்புகிறோம்’ என்று பிராங்பர்ட்டில் நின்றுகொண்டு சொல்வது சுலபம். பூட்டிக் கிடக்கும் சாம்பிள் தறியில் யார் உட்கார்ந்து நெய்வது? பையருக்குப் பொங்கல் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. நாள் கணக்கை நாம்தான் முன்கூட்டியே போட்டு, நடக்கக்கூடிய தேதியைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்குகளுக்குப் பிறகு, 21-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை போகவேண்டிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும். உண்மையில் இது ஆங்கிலத்தில் போகும். வாசகர்களுக்காக இங்கே தமிழில்.

‘வணக்கம். புதன்கிழமை பிற்பகல் எங்கள் ஸ்டாலில் நீல வெள்ளைக் கட்ட டவலை எடுத்துப் பார்த்தீர்கள், படம் இணைத்திருக்கிறேன். கனம் சரி, கட்டம் சிறிதாக வேண்டும் என்றீர்கள். இப்போதைய டவல் துவைத்தால் சுருங்குகிறது என்றும் சொன்னீர்கள்.

அதே துணியில் 1 சென்டிமீட்டர் கட்டம் ஒன்றும் 1.5 சென்டிமீட்டர் கட்டம் ஒன்றுமாக இரண்டு துண்டுகளை நெய்கிறோம். இரண்டையும் ஒருமுறை 60 டிகிரியில் துவைத்து, துவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவைத் துணியிலேயே எழுதி, ஜனவரி 27 திங்கட்கிழமை கூரியரில் போடுகிறோம். நீலம் எங்களிடம் இருப்பில் உள்ள நூல். உங்கள் ஷேடு அல்ல. கட்டத்தின் அளவையும் கையில் படும் தன்மையையும் பார்ப்பதற்காக மட்டும். பிப்ரவரி 11 கூட்டத்துக்கு முன் உங்கள் கையில் இருக்கும்.

எந்த முகவரிக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.’

அவ்வளவுதான். கேட்லாக் இல்லை, தறிக் கணக்கு இல்லை. விலைகூட இல்லை. இந்தக் கடிதத்தில் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று, அதற்குப் பதில் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கிறது. முகவரியைத் தட்டிவிட அரை நிமிடம் போதும். மேலதிகாரியைக் கேட்க வேண்டாம், எதையும் முடிவு செய்ய வேண்டாம். மாறாக, எந்தக் கட்டம் வேண்டும், என்ன ஷேடு, பேக்கிங் எப்படி, எந்தத் துறைமுகம், எந்தச் சான்றிதழ், குறி விலை என்ன என்றெல்லாம் ஏழு கேள்வி கேட்டிருந்தால்? அவற்றில் ஐந்துக்கு அவரிடமே இன்னும் பதில் இருக்காது. கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். பதில் தெரியாத ஐந்துக்காக, தெரிந்த இரண்டையும் எழுதாமல் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பார். அந்த நாளை வராது.

விலையை ஏன் எழுதவில்லை என்ற கேள்வி எழும். பையர் கேட்டிருந்தால் அதே நாளில் கொடுக்க வேண்டியதுதான். அவர் கேட்காதபோது, கட்டமும் தையலும் பேக்கிங்கும் முடிவாகாத டவலுக்கு விலை சொன்னால், பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டிவரும். அந்தக் கூட்டிய விலை, துணி போய்ச் சேர்வதற்கு முன்பே ஒப்பீட்டுத் தாளில் ஏறிவிடும். துணியைத் தொட்டபடி பார்க்கும் விலை வேறு, வெறும் எண்ணாகப் பார்க்கும் விலை வேறு.

அவர் போகிற போக்கில் சொன்ன குறை இந்தக் கடிதத்தில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கவனிக்கலாம். ‘எங்கள் டவல் சுருங்காது’ என்று எழுதுவது எளிது. பருத்தி சுருங்கத்தான் செய்யும். முன்கூட்டியே சுருக்கி முடிக்காத துணி முதல் துவைப்பிலேயே கணிசமாகச் சுருங்கும். அதை மறைத்து எழுதுவதைவிட, துவைத்த துண்டையே அளவு எழுதி அனுப்பினால் அவர் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்வார். அளவு சரியாக இல்லையென்றால் அனுப்புவதற்கு முன்பே கரூரில் தெரிந்துவிடும். அப்போது ஃபினிஷிங்கைத் திருத்த வேண்டும்.

ஷேடு பற்றிய வரியும் வேண்டியே சேர்க்கப்பட்டது. இருப்பில் உள்ள நூலில் நெய்து, அதைச் சொல்லாமல் அனுப்பினால், ‘நீலம் சரியில்லை’ என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடும். கட்டம் முடிவான பிறகு, அவரே ஒரு பேன்டோன் எண்ணைத் தருவார். 19-4052 TCX போன்ற எண்ணாக இருந்தால் நல்லது. அது பருத்தித் துணியில் சாயமேற்றிய மாதிரிக்கான குறி. தாளில் அச்சிட்ட வண்ணத்துக்கான எண்ணைத் தந்துவிட்டால் நூலில் அதை அப்படியே கொண்டுவருவது கஷ்டம். அங்கேயே நிறுத்தி, துணி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் லேப் டிப்புக்குப் போக வேண்டும். ஆனால் அது மூன்றாவது கடிதத்தின் வேலை. முதல் கடிதத்தில் அதைத் திணிக்கக் கூடாது.

கடிதத்தை யார் எழுதுவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிராங்பர்ட்டில் பேசியவர் முதலாளியோ அவர் மகனோ ஆக இருப்பார். எழுதுகிறவர் கரூரில் இருக்கும் மெர்ச்சன்டைசர். அவர் அந்தப் பையரைப் பார்த்ததே இல்லை. ‘எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டு விட்டுரும்மா’ என்று கார்டுக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு முதலாளி நூல் கொள்முதலைப் பார்க்கப் போய்விட்டால், அந்தப் பெண் வேறு எதை எழுத முடியும்? பழைய அச்சுதான் வரும். இங்கே குறை எழுதுகிறவருடையது அல்ல. ஒரு ஷீட்டுக்கு ஐந்து நிமிடம் வீதம் இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டால் போதும். ‘இந்த அம்மா துணியைக் கையில கசக்கிப் பாத்தாங்க, சுருங்குதுன்னு சொன்னாங்க’ என்று முதலாளி சொல்லும் அந்த ஒரு வரிதான் கடிதத்தின் உயிர். கடிதம் ஸ்டாலில் பேசியவர் பெயரிலேயே போவது நல்லது. மெர்ச்சன்டைசரை நகலில் சேர்த்து, இனி தினசரி விவரங்களை இவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி போட்டால் பையருக்கும் குழப்பமில்லை.

எல்லா கார்டுக்கும் இவ்வளவு உழைக்க முடியாது, உழைக்கவும் வேண்டாம். மாற்றம் சொன்னவர், அளவு சொன்னவர், தேதி சொன்னவர் என்று மூன்றில் இரண்டாவது சொன்னவர்களைத் தனியாக எடுத்தால், நூறு கார்டில் பத்துப் பதினைந்து தேறலாம். அவர்களுக்குத்தான் இந்த வகைக் கடிதம். கேட்லாக்கை வாங்கிக்கொண்டு புன்னகைத்துப் போனவர்களுக்கு, அவர்கள் பார்த்த ஒரு துணியின் படத்தோடு இரண்டு வரி போதும். ஜெர்மானிய நிறுவனங்களுக்கு எழுதும்போது இன்னும் ஒரு கவனம் தேவை: முன்கூட்டிச் சம்மதம் வாங்காமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது, பெறுகிறவர் நிறுவனமாக இருந்தாலும்கூட. ஸ்டாலில் அவர் கேட்ட விஷயத்துக்குப் பதில் எழுதுவது ஒன்று. கார்டு கிடைத்தது என்பதற்காக மாதாமாதம் விளம்பரம் அனுப்பும் பட்டியலில் சேர்ப்பது வேறு.

கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சியிலும் இதே முறைதான், ஆனால் கேட்கும் அடுத்த அடி மாறும். அங்கே துண்டு நெய்து அனுப்ப முடியாது. ‘உங்கள் வார்ப்பில் கடைசல் செய்யும்போது துளை அளவு மாறுகிறது என்றீர்களே, அதே வார்ப்பில் இரண்டை எங்கள் பட்டறைக்கு அனுப்புங்கள், உங்கள் எதிரிலேயே ஓட்டிக் காட்டுகிறோம், வியாழன் காலை வர முடியுமா?’ என்பது அங்கே பொருந்தும் கேள்வி.

பதில் வராவிட்டால்? கரூர் உதாரணத்துக்கே திரும்புவோம். 24-ஆம் தேதி வரை முகவரி வரவில்லை. ‘எங்கள் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா’ என்று கேட்டு எழுதுவதில் பயன் குறைவு. அது அவருக்குப் புதிதாக எதையும் தராது, பதில் போடாததைக் குத்திக்காட்டுவது போலவும் இருக்கும். சாம்பிள் தறியில் ஏறிய துணியையே படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, ‘இரண்டு கட்டமும் தறியில் இறங்கிவிட்டன, கார்டில் உள்ள முகவரிக்கே திங்களன்று போடுகிறோம், வேறு முகவரி என்றால் சொல்லுங்கள்’ என்று எழுதலாம். இப்போது அவர் சும்மா இருந்தாலும் வேலை நகரும். 31-ஆம் தேதி பார்சல் சேர்ந்துவிட்டது என்று கூரியர் தளம் காட்டினால், அன்று இல்லை, அடுத்த வேலை நாளில் மூன்றாவது கடிதம்: ‘கூட்டத்துக்கு எதை எடுத்துப் போகிறீர்கள், 1-ஆ, 1.5-ஆ?’ அதற்கும் பதில் இல்லையென்றால் கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒருமுறை கேட்டுவிட்டு, அந்த ஷீட்டை அடுத்த சீசன் கோப்பில் வைத்துவிட வேண்டியதுதான். குறிப்பு பத்திரமாக இருந்தால் அடுத்த ஜனவரியில் அவர் ஸ்டாலுக்கு வரும்போது பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

உயிருள்ள விசாரணை எது என்பதைச் சின்னச் சின்னக் குறிகளே காட்டிக்கொடுக்கும். முகவரியோடு தங்கள் கூரியர் கணக்கு எண்ணையும் தருகிறவர், செலவை ஏற்றுக்கொண்டு துணியைக் கேட்கிறார். அவருக்குத் தேவை இருக்கிறது. அளவும் சொல்லாமல் தேதியும் சொல்லாமல் விலையை மட்டும் இரண்டாம் முறையும் கேட்கிறவர், பெரும்பாலும் இப்போதுள்ள சப்ளையரிடம் காட்டுவதற்கு ஒரு எண்ணைத் தேடுகிறார்.

அந்த நெதர்லாந்துப் பெண்மணி பிப்ரவரி 12 காலையில் ஒரே வரி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘1 சென்டிமீட்டர். நீலத்துக்கு எண் இணைத்துள்ளேன், பச்சையும் முடியுமா?’ மெர்ச்சன்டைசர் அந்த எண்ணைத் திறந்து பார்க்கிறார். கடைசியில் TCX இருக்கிறது. லேப் டிப்புக்கான சீட்டை எழுதிக்கொண்டே, பச்சைக்குத் தனியாக இன்னொரு 110 கிலோ ஒரே தவணையில் ஏறுமா என்று சாயப்பட்டறைக்குப் போன் போடுகிறார்.